எடுக்காத வட்டி

பம்பாயில் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அந்தக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருந்தது. மரப்படி. கைப்பிடி எல்லாம் ஆட்கள் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகியிருக்கும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் வேலை நாளில் அந்தப் படியில் வேலையிலிருந்து நின்ற பெரியவர்கள் மேலிருந்து கீழ்வரை வரிசையாக நிற்பார்கள். மில்லில் இருந்தவர்கள், ரயில்வேயில் இருந்தவர்கள், கோட்டைப் பக்கம் ஆபீஸ்களில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பாலக்காட்டுக்காரர்கள் என்று எல்லாரும் ஒரே வரிசை. அன்று வட்டி நாள்.

இப்போதும் அந்தப் பக்கம் போகும்போது பூக்கடை வாசனையும் காபிக்கொட்டை வறுக்கிற வாசனையும் கலந்து வந்தால் எனக்கு வட்டி நாள்தான் ஞாபகம் வருகிறது.

அப்பா மில்லிலிருந்து நின்றபோது பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் சேர்ந்து கைக்கு வந்தது. கடனெல்லாம் அடைத்த பிறகு மிஞ்சியது எட்டாயிரம் ரூபாய். நாங்கள் குடியிருந்த லேபர் கேம்ப்பில் எங்கள் வீட்டு வரிசையில் அதற்கு முன்னால் யாரும் அவ்வளவு பணத்தை மொத்தமாகப் பார்த்ததில்லை. வட்டிக்கு விடச் சொன்னார்கள் சிலர். கடை வைக்கச் சொன்னார்கள் சிலர். அப்பாவோடு அதே மில்லில் இருந்து அவருக்கு இரண்டு வருடம் முன்னால் நின்ற பக்கத்து வீட்டு மாமாதான் இந்தச் சங்கத்துக்கு அழைத்துப் போனார். ஓய்வு பெற்ற அங்கத்தினர்கள் போடும் டெபாசிட்டுக்கு மற்றவர்களைவிட நூற்றுக்கு அரை ரூபாய் வட்டி கூடுதலாகத் தந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அசல் அப்படியே இருக்கும்.

முதலில் ஒரு வருடத்துக்குத்தான் போட்டோம், அப்பாவுக்குப் பயம். ஒரு வருட டெபாசிட்டுக்கு நூற்றுக்கு வருடம் ஆறு வட்டி. மூன்று மாதத்துக்கு நூற்றிருபது ரூபாய் வந்தது.

அந்த முதல் வருடத்து வட்டி நாட்களை மறக்க முடியாது. அப்பா காலையிலேயே சலவைச் சட்டை போட்டுக்கொள்வார். மில்லில் இருந்த காலத்தில் ‘பகார்’ நாளன்று எப்படி இருப்பாரோ அப்படி. பம்பாயில் சம்பளத்தைப் பகார் என்றுதான் சொல்வோம். மாமாவும் அவரும் நடந்தே மாட்டுங்கா போவார்கள். பணம் வாங்கியதும் ஸ்டேஷன் பக்கத்துக் காபி ஹோட்டலில் ஆளுக்கு ஒரு தோசை, ஒரு காபி. பிறகு வீட்டுக்கு வந்து மீதியை மடிப்புக் கலையாமல் அம்மா கையில் கொடுப்பார். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து அவருக்கே திருப்பிக் கொடுப்பாள். மில் பகாரையும் முப்பது வருடமாக அப்படித்தான் வாங்கினாள். வேலை நின்ற பிறகும் அந்தப் பழக்கம் நிற்காமல் இருந்ததில் இரண்டு பேருக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த வட்டிப் பணம் வீட்டுச் செலவுக்கு வராது. ராஷன், மண்ணெண்ணெய், வாடகை எல்லாம் என் சம்பளத்தில் நடந்தன. எங்கள் குடும்பத்தில் முதல் முதலாக மெட்ரிக் பாஸ் செய்தவன் நான். செம்பூரில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் குமாஸ்தா. மாலையில் காமர்ஸ் வகுப்பு. மாதம் பிறந்ததும் வீட்டுக்கு இவ்வளவு என்று அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். மீதி என் கட்டணத்துக்கும் ரயில் பாஸுக்கும். வட்டிப் பணம் அம்மாவுடையது. அதில் அவள் செய்முறை செய்வாள். எங்கள் ஜனங்களில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்த வீட்டில் விசேஷம் வந்தாலும் உறவுக்குத் தக்கபடி சீரும் பணமும் செய்ய வேண்டும். நாளைக்கு அவர்கள் நமக்குத் திருப்பிச் செய்வார்கள். கேம்ப்பிலும் தாராவியிலும் செம்பூரிலுமாக எங்களுக்கு உறவு அதிகம். மாதத்துக்கு ஒரு விசேஷமாவது இருக்கும்.

ஒரு வருடம் முடிந்து டெபாசிட்டைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. இந்தத் தடவை அப்பாவுக்குத் தைரியம் வந்திருந்தது. ஐந்து வருடத்துக்குப் போட்டால் ஏழு வட்டி, மூன்று மாதத்துக்கு நூற்றி நாற்பது. காமர்ஸ் வகுப்பில் அப்போதுதான் எங்களுக்குக் கூட்டு வட்டி நடத்தியிருந்தார்கள். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வட்டியை வாங்கி வாங்கிச் செலவழித்தால் ஐந்து வருடத்தில் கைக்கு வருவது இரண்டாயிரத்து எண்ணூறு. ஒவ்வொரு தடவையும் வந்த வட்டியை அதே ஏழு வட்டிக்குத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தால் மூவாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. வித்தியாசம் ஐந்நூற்றுப் பதினெட்டு ரூபாய். முதல் வருடக் கடைசியிலேயே ஐந்நூற்று அறுபதுக்குப் பதில் ஐந்நூற்று எழுபத்து நாலே முக்கால் சொச்சம் இருக்கும்.

செம்பூரில் காலனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அசலும் வட்டியும் சேர்ந்து பதினோராயிரத்துச் சொச்சமாக நின்றால், உள்ளேயே குழாயும் கக்கூஸும் இருக்கிற இரண்டு அறை வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம் என்று எனக்கு எண்ணம். அப்பாவிடம் சொன்னேன். அவர் கணக்கைப் புரிந்துகொண்டாரோ இல்லையோ, அந்த ஐந்நூற்றுப் பதினெட்டு அவருக்குப் பிடித்துப் போயிற்று. வேலை செய்யாமலே ஏறுகிற பணம். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. படித்தவன் சொல்கிறான், பெரியவர் ஆசைப்படுகிறார், நடுவில் நான் என்ன சொல்ல என்று இருந்திருப்பாள்.

அப்படித்தான் அந்த வருடம் ஆரம்பித்தது.

ஏப்ரல் வட்டி நாளன்று அப்பா வழக்கம்போல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாமாவோடு போனார். மாமா வரிசையில் நின்றார். அப்பாவும் கூடவே படிப்படியாக ஏறினார். கவுண்டருக்கு வந்ததும், “நம்ம பணம் பத்திரமா இருக்குல்லா?” என்று கேட்டார். அங்கே இருந்த குமாஸ்தா பாலக்காட்டுக்காரர், தன்மையான மனிதர். இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அப்பா கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார். ஜூலையிலும் அப்படி. அக்டோபரிலும் அப்படி. பணம் வாங்காமல் வரிசையில் மட்டும் வந்து நிற்கிற ஆளைப் படியில் இருந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். மாமாவுக்கு அது பெரிய தமாஷ்.

“என்னவே, அடைகாக்க வந்தீரோ?” என்பாராம்.

“கோழி எந்திரிச்சிப் போனாத்தானவே முட்டை கெட்டுப்போவும்” என்று அப்பா பதில் சொல்வாராம்.

மாமா இதை கேம்ப் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் காபி ஹோட்டலுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். மாமா காசில் குடிக்க அவருக்குச் சம்மதமில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, “போட்டாச்சி” என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா “சரி” என்பாள்.

நான் ஆபீஸிலும் வகுப்பிலும் இருந்தேன். அப்பா ‘போட்டாச்சி’ என்றால் வட்டியை வாங்கித் திரும்ப டெபாசிட் செய்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆவணி மாதம் செம்பூரில் இருந்த என் தாய்மாமா வீட்டில் சடங்கு வந்தது. அம்மாவுக்கு ஒரே தம்பி. அவருடைய மூத்த பெண் பெரியவளாகியிருந்தாள். அத்தை என்கிற முறையில் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அம்மா. சேலை, தேங்காய், பழம், ஐம்பத்தோரு ரூபாய் என்று தட்டோடு போக வேண்டிய இடம். அன்று காலையில் அம்மா முட்டு வலிக்கிறது, பஸ் ஏற முடியாது என்று படுத்துக்கொண்டாள். அப்பாவும் நானும் மட்டும் போய்ப் பதினோரு ரூபாய் வைத்துவிட்டு வந்தோம். அத்தை எங்கே அத்தை எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். தண்ணீர் ஊற்ற ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தியைப் பிடித்தார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா வாசலில் குந்தியிருந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முட்டு வலிக்கிறவள் எப்படிக் குந்த முடிந்தது என்று நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு தாய்மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதுவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தவர்.

ஜனவரி வந்தது. வருடம் முடிந்ததால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று அப்பா சொன்னார். என்னை ஒரு நாள் லீவு போடச் சொன்னார். அம்மாவையும் கூப்பிட்டார். அவள் அந்த மாடிக்கு அதுவரை வந்ததில்லை. மூன்று பேரும் மாமாவோடு நடந்தோம். பொங்கல் நெருங்கிவிட்டதால் மார்க்கெட்டில் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் வந்து இறங்கியிருந்தன. காலை வெயில் இதமாக இருந்தது. வரிசையில் நின்ற பெரியவர்கள் அம்மாவுக்கு வழிவிட்டு, மேலே போய் பெஞ்சியில் உட்காரச் சொன்னார்கள். அடைகாத்த கோழி இன்றைக்குக் குஞ்சு எண்ண வந்திருக்கிறது என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கவுண்டரில் அப்பா, இந்த வருடத்து வட்டி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டார். குமாஸ்தா பார்த்துவிட்டு ஐந்நூற்று அறுபது என்றார்.

நான் குறுக்கே புகுந்து, ஐந்நூற்று எழுபத்து நாலு இருக்க வேண்டுமே என்றேன். அவர் மறுபடி பார்த்தார். நாலு தடவை நூற்றி நாற்பது, ஐந்நூற்று அறுபதுதான், கூட ஒரு பைசா இல்லை என்றார். பிறகு, நீங்கள் எந்தக் கணக்கில் கேட்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். வட்டியைத் திரும்பப் போட்ட கணக்கில் என்றேன்.

“திரும்பப் போடலையே. பெரியவர் எடுத்துக்கவே இல்லையே. எடுத்துக்கலேன்னா அது இங்க சும்மா கிடக்கும். அதுக்கு வட்டி கிடையாது. கையெழுத்துப் போட்டு வாங்கி, அதை வேற டெபாசிட்டாப் போட்டாத்தான் வட்டிக்கு வட்டி.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார், குமாஸ்தா முகத்தைப் பார்த்தார்.

“பி.எஃப்.ல நாங்க எங்கய்யா எடுத்து எடுத்துப் போட்டோம்? தொடாம விட்டோம். வருசா வருசம் அதுவா ஏறிச்சி. வருசக் கணக்குச் சீட்டுல போட்டுக் குடுத்தான்லா.”

அதுதான் விஷயம். முப்பது வருடம் மில்லில் அவர் பார்த்த ஒரே வட்டி அதுதான். பிராவிடண்ட் பண்டில் வட்டி வருடா வருடம் அசலோடு தானாகச் சேரும். தொடாமல் இருப்பதே போடுவது. இங்கேயும் பணத்தைத் தொடாமல் விட்டால் அதுவாக ஏறும் என்று மனிதர் மூன்று தடவை வரிசையில் நின்று, தொடாமல் திரும்பி வந்திருக்கிறார்.

குமாஸ்தா பொறுமையாக விளக்கினார். அது வட்டி சேர்கிற டெபாசிட் இல்லை, வட்டியைக் கையில் தருகிற டெபாசிட். இன்றைக்கே வேண்டுமானாலும் ஐந்நூற்று அறுபதையும் புது டெபாசிட்டாகப் போடலாம். இனிமேல் ஒவ்வொரு வட்டியையும் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தால் சங்கமே போட்டுவிடும். ஆனால் ஒன்று. ஏழு வட்டி ஐந்து வருட டெபாசிட்டுக்கு மட்டும்தான். இன்று போடுவதையும் ஐந்து வருடத்துக்குப் போட்டால் அது அசல் முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் முடியும். எல்லாம் ஒன்றாகக் கைக்கு வர வேண்டும் என்று குறைந்த காலத்துக்குப் போட்டால் வட்டியும் குறையும். ஆகையால் நான் போட்ட கணக்கு முழுசாக வராது, கொஞ்சம் குறைவாகத்தான் வரும் என்றார். என் வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. கணக்கில் வட்டி விகிதம் ஒன்றுதான், அது மாறாது.

இதுவரை அப்பாவுக்கு நஷ்டம் எவ்வளவு என்று மாமா கேட்டார். பதினைந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்றேன். அவ்வளவுதானா என்றார் மாமா. அப்பாவுக்கு அது பதினைந்து ரூபாயாகத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சரி, எல்லாவற்றையும் இப்போதே போட்டுவிடு, இனிமேலாவது ஏறட்டும் என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

நான் பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் பெஞ்சியிலிருந்து அம்மா எழுந்து வந்தாள்.

“ஏ ஐயா, ஒழுங்காப் போட்டிருந்தா அஞ்சு வருசத்துல எவ்வளவு கூட வரும்னு சொன்ன?”

ஐந்நூற்றுப் பதினெட்டு, இப்போது அதைவிடக் குறையும் என்றேன்.

“வாரத்துக்கு என்ன விழும்?”

அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. மனசுக்குள் வகுத்தேன். கிட்டத்தட்ட இரண்டு ரூபாய் என்று சொன்னேன்.

அம்மா அப்பாவைப் பார்த்துத் தணிந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் படியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

“என் தம்பி மவ சடங்குக்குக் கொண்டுபோகக் கையில ஒண்ணுமில்லாம முட்டு வலின்னு படுத்துக்கிட்டேன். இன்னும் நாலு வருசம் ஒவ்வொரு வீட்டு விசேசத்துக்கும் எனக்கு ஏதாவது ஒரு நோவு வரணும். அதுக்குக் கூலி வாரத்துக்கு ரெண்டு ரூவா. இந்த வேலை எனக்கு வேண்டாங்க.”

என்னிடம் கேட்டிருக்கலாமே, நான் தந்திருப்பேனே என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “நீ தருவ. ஒன் சம்பளத்துல வாங்கி என் தம்பிக்குச் செய்ய எனக்கு மனசு வரல. இது ஒங்க அப்பா பகாருலா.”

பெஞ்சியில் இருந்த ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். அப்பா கவுண்டர் பக்கம் திரும்பினார். “குடும் அய்யா, கையிலயே குடும்” என்று குமாஸ்தாவிடம் சொன்னார். கையெழுத்துப் போட அவருக்கு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடித்துப் பணத்தை வாங்கி, அங்கேயே அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு ஐந்து ரூபாயைத் தனியே எடுத்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு இன்னும் மூன்று ஐந்து ரூபாய்களை எடுத்துச் சேர்த்து இருபதாக அவர் கையில் வைத்தாள். நாலு தடவைக்கு உண்டானது.

செம்பூர் வீடு கைநழுவியதில் எனக்கு உள்ளுக்குள் வருத்தம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. குழாய்க்கு விடியற்காலையில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் அந்த இரண்டு அறை ஞாபகம் வரும். கணக்கு தப்பில்லை. ஒழுங்காகத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தால் பணம் ஏறத்தான் செய்யும். ஆனால் ஏறுகிற பணத்துக்கு யாராவது ஒருவர் வெறுங்கையோடு இருக்க வேண்டும். அது யார் என்பதை நான் என் பென்சில் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்றைக்கு அப்பா எங்கள் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். அம்மா முதல் தடவையாக அந்த ஹோட்டலில் உட்கார்ந்தாள். டபராவில் ஆற்றி ஆற்றிக் குடித்தாள். மாமாவுக்கு இரண்டு தோசை. போன வருடம் முழுக்க ஒற்றையாகத் தோசை தின்று தின்று வயிறு சரியில்லாமல் போய்விட்டதாக அவர் அப்பாவிடம் முறையிட்டார். பிறகு மார்க்கெட்டில் அம்மா பச்சைக் கரை போட்ட ஒரு சேலை எடுத்தாள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பூ. இரண்டு கரும்பை என் தோளில் ஏற்றிவிட்டாள். மாமா கேம்ப்புக்குத் திரும்ப, நாங்கள் செம்பூர் பஸ் பிடித்தோம். கரும்போடு ஏறக் கூடாது என்று கண்டக்டர் மராத்தியில் சத்தம் போட்டார். அம்மா தனக்குத் தெரிந்த இந்தியில் ஏதோ சொல்லி அவர் கையில் ஒரு பழத்தைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

தாய்மாமா வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“வாங்க மதினி. முட்டு வலி விட்டுட்டா?”

“இன்னைக்குத்தான் விட்டுச்சி” என்றாள் அம்மா. தட்டைக் கேட்டாள். சேலையையும் பழத்தையும் வைத்து, மேலே ஐம்பத்தோரு ரூபாயையும் வைத்தாள். தாய்மாமா மனைவியின் பார்வை அந்தத் தட்டில் விழுந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்ப் பாய் எடுத்துவந்து விரித்தாள்.

பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை உட்கார்ந்திருந்தோம். சீருடையோடு வந்தவளை அம்மா அப்படியே பலகையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசினாள். நாலு மாதம் கழித்து இதென்ன என்று அவளுக்குச் சிரிப்பு. புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை. அம்மா அவள் கன்னத்தைத் தடவி தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். விளக்கேற்றும் நேரத்தில் தாய்மாமா வேலையிலிருந்து வந்தார். வாசலில் சார்த்தியிருந்த கரும்பையும் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த அக்காவையும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு மீன் வாங்கக் கடைக்குத் திரும்பிப் போனார்.